4க்கு 6 படத்தில் வெள்ளை ஓரம் எங்கிருந்து வருகிறது?

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐந்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் முடித்துச் செல்லும் பிள்ளைகளுக்கு வகுப்புப் படம் ஒன்றை அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஸ்டுடியோவில் கொடுத்து வாங்கிய காலம் போய், இப்போது பள்ளியிலுள்ள இங்க் டேங்க் பிரிண்டரிலேயே அச்சிடுகிறோம். தாளும் கடையில் எளிதாகக் கிடைக்கிறது. போஸ்ட்கார்டு அளவு, 4ஆர், 10க்கு 15 சென்டிமீட்டர் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் தருவது அதே 4 அங்குலத்துக்கு 6 அங்குலத் தாள்தான்.

ஆனால் அச்சிட்டு வெளியே வரும் படம் ஸ்டுடியோ படம்போல இருப்பதில்லை. ஓரத்தில் வெள்ளைக் கோடு நிற்கிறது. அதைப் போக்க எதையோ மாற்றினால் வெள்ளை போய்விடுகிறது, கூடவே பின்வரிசைப் பிள்ளையின் தலையும் போய்விடுகிறது. அந்தப் பிள்ளையின் வீட்டில் பள்ளிக்கால நினைவாக இருக்கப் போவது அந்த ஒரு படம்தான் என்றால், இது சிறிய விஷயமில்லை. ஆகவே, யாருடைய தலையும் வெட்டுப்படாமல், ஓரமும் இல்லாமல் ஒரு வகுப்புப் படத்தை அச்சிடுவது எப்படி என்பதை மட்டும் இன்று பார்ப்போம்.

வெள்ளை ஓரங்கள் மூன்று வகை

முதலில், தவறாக வந்த ஒரு படத்தைக் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். வெள்ளை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே பிழை எங்கே என்று சொல்லிவிடும்.

நான்கு பக்கமும் ஒரே அளவில், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வெள்ளை இருந்தால், பிரிண்டரில் ஓரமில்லா அச்சு இயங்கவில்லை என்று பொருள். சாதாரணமாக பிரிண்டர் தாளின் விளிம்புவரை மை தெளிக்காது. விளிம்பில் தெளித்தால் மை தாளுக்கு வெளியேயும் விழும் என்பதால் சிறிது இடம் விட்டே அச்சிடும். `Borderless` என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்த இடத்தையும் நிரப்பும்.

இரண்டு குறுகிய பக்கங்களில் மட்டும் அகலமான வெள்ளைப் பட்டை இருந்தால் பிரிண்டர் மீது குற்றமில்லை. படத்தின் வடிவமும் தாளின் வடிவமும் பொருந்தவில்லை. இதற்கான கணக்கைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளை, அல்லது ஒரு முனையில் மெல்லியதாகத் தொடங்கி மறுமுனையில் தடித்துப் போகும் வெள்ளை இருந்தால், தாள் கோணலாக உள்ளே போயிருக்கிறது. ட்ரேயில் இருக்கும் நகரும் தடுப்பு தாளைத் தொட்டு நிற்கவில்லை.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் கண்ணில் படும் அமைப்பையெல்லாம் மாற்றத் தொடங்கினால், பத்துத் தாள் வீணான பிறகும் காரணம் தெரியாது.

ட்ரே: எந்தப் பக்கம் மேலே?

தாள் வைப்பதிலிருந்து தொடங்குவோம். பள்ளிகளில் இருக்கும் இங்க் டேங்க் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்புறம் ட்ரே இருக்கும். அதில் தாளின் பளபளப்பான பக்கம் நம்மைப் பார்த்திருக்க வேண்டும். முன்புறம் இழுக்கும் ட்ரே உள்ள பிரிண்டரில் தாள் உள்ளே வளைந்து திரும்பி வரும். ஆகவே அதில் பளபளப்பான பக்கம் கீழே பார்த்திருக்க வேண்டும்.

எது பளபளப்பான பக்கம் என்பதில் மேட் தாளில் மட்டும் குழப்பம் வரும். விரல் நுனியை லேசாக ஈரப்படுத்தி, தாளின் ஒரு மூலையில் இருபுறமும் தொட்டுப் பாருங்கள். மை பிடிக்கும் பூச்சுள்ள பக்கம் விரலில் சற்று ஒட்டும். மறுபக்கம் ஒட்டாது.

படம் அகலவாட்டில் இருந்தாலும் தாளை நெட்டுவாட்டில்தான் வைக்க வேண்டும். 4 அங்குலப் பக்கம் முதலில் உள்ளே போகும்படி வைத்தால் போதும், படத்தைத் திருப்பும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பிறகு நகரும் தடுப்பைத் தாளின் விளிம்பு வரை தள்ளுங்கள். தொட வேண்டும், ஆனால் தாளை வளைக்கக் கூடாது. ஒரு முறைக்கு 20 தாளுக்கு மேல் வைக்க வேண்டாம். வைக்கும் முன் கட்டை ஒருமுறை விசிறிவிட்டால் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போவது குறையும்.

இரண்டு ட்ரே உள்ள பிரிண்டராக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போட்டோ தாளைப் பின்னால் வைத்துவிட்டு, கணினியில் `Paper Source` என்ற இடத்தில் முன் ட்ரே தேர்வாகியிருந்தால், அங்கிருக்கும் ஏ4 தாள்தான் இழுக்கப்படும். வெள்ளை ஏ4 தாளில் சிறியதாக ஒரு படம் வந்து விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

ஓர் எச்சரிக்கை. அலுவலகத்தில் உள்ள லேசர் பிரிண்டரில் இந்தத் தாளை வைக்காதீர்கள். லேசர் பிரிண்டர் தூளைச் சூடாக்கித் தாளில் உருக்கி ஒட்டுகிறது. இங்க்ஜெட் தாளின் பூச்சு அந்தச் சூட்டில் உருகி உருளையில் ஒட்டிக்கொண்டால், பழுதுபார்க்கும் செலவு பல ஆண்டுகளுக்கான போட்டோச் செலவைவிட அதிகமாகிவிடும்.

தாளின் வகை: தலைமுடி விரலில் ஒட்டினால்

அடுத்தது `Paper Type` அல்லது `Media Type`. அளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு இதை `Plain Paper` என்றே விட்டுவிடுவது மிகப் பரவலாக நடக்கிறது. அதனால் என்ன ஆகும்?

முதலாவது, பல பிரிண்டர்களில் `Plain Paper` தேர்வாகியிருந்தால் `Borderless` என்ற கட்டமே மங்கிப் போயிருக்கும், அழுத்த முடியாது. ‘எங்கள் பிரிண்டரில் அந்த வசதி இல்லை’ என்று நாம் நினைத்துக்கொள்வோம். வகையை `Glossy` என்ற சொல் வரும் ஏதாவது ஒன்றுக்கு மாற்றிவிட்டுத் திரும்பிப் பாருங்கள், பெரும்பாலும் கட்டம் உயிர் பெற்றிருக்கும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் அளவு, பிறகு வகை, அதன் பிறகுதான் `Borderless`.

இரண்டாவது, மையின் அளவு. எந்தத் தாள் என்று நாம் சொல்வதை வைத்துத்தான் எவ்வளவு மை, எத்தனை முறை, எந்த நிறக் கலவை என்று பிரிண்டர் முடிவு செய்கிறது. அதற்கு வேறு கண் கிடையாது. சாதாரணத் தாளுக்கான கணக்கில் பளபளப்புத் தாளில் அச்சிட்டால் முகங்கள் வெளிறும், குறுக்கே கோடுகள் தெரியும்.

மூன்றாவது, கறுப்பு மை. உங்கள் பிரிண்டரின் மைப் புட்டிகளின் லேபிளைப் படித்துப் பாருங்கள். பல மாதிரிகளில் கறுப்பு மட்டும் `Pigment` என்றும் மற்ற மூன்று நிறங்கள் `Dye` என்றும் இருக்கும். முன்னது நுண்துகள்கள் மிதக்கும் மை. அது சாதாரணத் தாளின் இழைகளில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பளபளப்புப் பூச்சின் மேலேயே தங்கிவிடும். பின்னது கரைந்த சாயம், பூச்சுக்குள் ஊறிவிடும். இப்படிப்பட்ட பிரிண்டரில் `Glossy` என்று சொன்னால் அது கறுப்புப் புட்டியை ஒதுக்கிவிட்டு, மூன்று நிறங்களையும் கலந்தே கறுப்பை உண்டாக்கிக்கொள்ளும். `Plain Paper` என்று சொன்னால் கறுப்பு மையையே ஊற்றும். மறுநாள் பிள்ளைகள் படத்தைத் தொடும்போது தலைமுடியும் காலணியும் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். ‘மட்டமான தாள், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்’ என்று நாம் கோபப்படுவோம். தாளில் குறையில்லை. நிறங்கள் உறுதியாக இருக்க, கறுப்பு மட்டும் அழிந்தால் காரணம் பெரும்பாலும் இந்தத் தேர்வுதான்.

அளவுப் பொருத்தம்: தலை எங்கே போனது?

இனி மிக முக்கியமான பகுதிக்கு வருவோம்.

நமது தாளின் நீளம் 6, அகலம் 4. அதாவது 3க்கு 2 என்ற விகிதம். பெரும்பாலான செல்பேசிக் கேமராக்கள் இயல்பாக எடுக்கும் படத்தின் விகிதம் 4க்கு 3. இரண்டும் ஒன்றல்ல. தாளைவிடப் படம் சற்றுக் கட்டையானது. கட்டையான படத்தை நீளமான தாளில் வைக்க இரண்டே வழிகள்தான் உள்ளன. படம் முழுவதும் தெரியும்படி வைத்து இருபுறமும் வெள்ளை விடலாம். அல்லது தாள் நிரம்பும்வரை படத்தைப் பெரிதாக்கி, மேலேயும் கீழேயும் மிஞ்சுவதை வெட்டலாம். மூன்றாவது வழி படத்தை இழுத்து நீட்டுவது. அதில் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். மூன்று வரிசையில் 36 பிள்ளைகள் நிற்கும் வகுப்புப் படம், 4000க்கு 3000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். முழுப் படமும் தெரிய வேண்டும் என்றால், உயரம் 4 அங்குலமாகும்போது நீளம் 5.33 அங்குலம்தான் வரும். மீதி 0.67 அங்குலம் இரண்டு பக்கமும் பிரிந்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் வெள்ளைப் பட்டையாக நிற்கும். நாம் முதலில் பார்த்த இரண்டாவது வகை வெள்ளை இதுதான்.

தாளை நிரப்பினால் 4000 பிக்சல் நீளத்துக்கு 2667 பிக்சல் உயரம்தான் தேவை. மிச்சமுள்ள 333 பிக்சல் வெட்டப்படும். மென்பொருளிடம் விட்டால் மேலே பாதி, கீழே பாதி என்று சரிசமமாக வெட்டும். அதாவது மேலே 167 பிக்சல் போய்விடும். பின்வரிசைப் பிள்ளைகளின் தலை படத்தின் மேல் விளிம்பை ஒட்டி இருந்தால், வெட்டுப்படுவது அவர்களின் தலைகள்தான். பெஞ்சின் மேல் ஏறி நிற்பவர்கள் எப்போதும் வகுப்பின் உயரமான பிள்ளைகள் என்பதால், ஆண்டுதோறும் அவர்களுக்கே இந்த இழப்பு.

இதற்கு மேல் இன்னொரு வெட்டும் உண்டு. ஓரமில்லா அச்சில் தாள் ஓர் இழை இப்படி அப்படி நகர்ந்தாலும் வெள்ளை தெரிந்துவிடும். ஆகவே பிரிண்டர் படத்தைத் தாளைவிடச் சற்றுப் பெரிதாக்கி, விளிம்பைத் தாண்டியே மை தெளிக்கிறது. தாண்டி விழும் மையை உள்ளே இருக்கும் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும். இதனால் நான்கு பக்கத்திலும் சில மில்லிமீட்டர் படம் காணாமல் போகும். வரிசையின் இரு முனைகளிலும் நிற்கும் பிள்ளைகளின் தோள் பாதியாவது இதனால்தான். எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பதைக் குறைக்க `Expansion` அல்லது `Extension` என்ற சொல்லுடன் ஒரு நகர்த்தும் பட்டை பல பிரிண்டர்களில் இருக்கும். அதைக் குறைத்தால் வெட்டு குறையும். ஆனால் தாள் சற்று நகர்ந்தாலும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். ஆகவே நடுவில் வைத்துவிட்டு, படத்திலேயே இடம் விடுவது நல்லது.

எவ்வளவு இடம்? அச்சில் நான்கு பக்கமும் 5 மில்லிமீட்டருக்குள் யாருடைய முகமும் கையும் வராமல் பார்த்துக்கொண்டால் அச்சமில்லை. நம் படத்தில் 5 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 131 பிக்சல். மேலே விகிதத்துக்காகப் போகும் 167, பாதுகாப்புக்கு 131, இரண்டும் சேர்ந்து 298. அது 3000இல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பக்கவாட்டில் 131 மட்டும் போதும், அது 4000இல் முப்பதில் ஒரு பங்கு.

ஆகவே படம் எடுக்கும்போதே நினைவில் கொள்ள வேண்டிய கணக்கு இதுதான். மேலே பத்தில் ஒரு பங்கு வானமோ சுவரோ தெரியட்டும். கீழே பத்தில் ஒரு பங்கு தரை தெரியட்டும். இரு பக்கமும் ஒரு சிறு இடைவெளி. இரண்டு அடி பின்னால் நகர்ந்து எடுத்தால் இது தானாகக் கிடைத்துவிடும். ஏற்கெனவே எடுத்த படத்தில் மேலே இடமே இல்லை, கீழே தரை நிறைய இருக்கிறது என்றால், வெட்டும் வேலையை மென்பொருளிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். முழு 333 பிக்சலையும் கீழிருந்தே எடுத்துவிடலாம். மேலேயும் கீழேயும் இடமே இல்லாத படமாக இருந்தால் ஓரமில்லா அச்சை விட்டுவிடுங்கள். வெள்ளைப் பட்டையோடு எல்லாப் பிள்ளைகளும் இருக்கும் படமே மேல்.

ஒரு படத்தை அச்சிட்டுப் பார்ப்போம்

இப்போது எல்லாவற்றையும் வரிசைப்படுத்துவோம். விண்டோஸ் கணினியில் அச்சிடுவதாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் படத்தைத் திறந்து, வெட்டும் பகுதியில் 3க்கு 2 என்ற விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். பின்வரிசைத் தலைகளுக்கு மேல் இடம் இருக்கும்படி சட்டத்தை நகர்த்தி வெட்டி, வேறு பெயரில் சேமியுங்கள். மூலப் படம் அப்படியே இருக்கட்டும்.

சேமித்த படத்தின் மீது வலது சொடுக்கி `Print` கொடுத்தால் `Print Pictures` என்ற சாளரம் வரும். அதில் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கீழே உள்ள `Options...` வழியாக `Printer Properties...` செல்லுங்கள். அங்கே தாள் அளவு 4க்கு 6, வகை `Glossy`, தாள் வைத்திருக்கும் ட்ரே, பிறகு `Borderless` என்று இதே வரிசையில் தேர்ந்தெடுங்கள். சில பிரிண்டர்களில் தனிக் கட்டம் இருக்காது. அளவுப் பட்டியலிலேயே 4க்கு 6 இரண்டு முறை வரும், அதில் `Borderless` என்ற சொல் சேர்ந்ததை எடுக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் முதல் சாளரத்தில் `Paper size` அதே அளவைக் காட்டுகிறதா என்று மீண்டும் பாருங்கள். இது அவசியம். ஓரிடத்தில் 4க்கு 6, இன்னோரிடத்தில் ஏ4 என்று இருந்தால் படத்தின் ஒரு துண்டு மட்டும் தாளில் விழும். மிச்ச மை பிரிண்டரின் உள்தட்டில் கொட்டி, அடுத்து வரும் தாள்களின் முதுகைக் கறையாக்கும். அப்படிக் கறை வந்தால், வெற்றுச் சாதாரணத் தாள்கள் சிலவற்றை உள்ளே அனுப்பி, கறை வராத வரைக்கும் துடைத்தெடுக்க வேண்டும்.

வலதுபுறம் `Full page photo` இருக்கட்டும். கீழே `Fit picture to frame` என்ற கட்டத்தில் டிக் இருந்தால் படம் தாளை நிரப்பும், மிஞ்சுவது வெட்டப்படும். டிக் இல்லாவிட்டால் முழுப் படமும் தெரியும், மிச்ச இடம் வெள்ளையாகும். நாம் ஏற்கெனவே 3க்கு 2 ஆக வெட்டிவிட்டதால் டிக் செய்யலாம், இனி விகிதத்துக்காக எதுவும் போகாது. இதற்குப் பிறகு பிரிண்டர் அமைப்பில் `Fit to Page` போன்ற இன்னொரு அளவு மாற்றத்தைச் சேர்க்காதீர்கள். அளவை மாற்றும் வேலை ஓரிடத்தில் மட்டுமே நடக்க வேண்டும். இரண்டு இடத்தில் நடந்தால் எது வெட்டியது என்று கண்டுபிடிக்க முடியாது.

இப்போது ஒரே ஒரு படத்தை அச்சிடுங்கள். நான்கு ஓரத்தையும் பாருங்கள். பின்வரிசைத் தலைகளை எண்ணுங்கள். முனையில் நிற்பவர்களின் தோளைப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து, கறுப்பான இடத்தில் விரலால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். நான்கும் சரியென்றால் மிச்சம் 35 படங்களையும் அனுப்பலாம். சரியில்லை என்றால் வெள்ளை எந்த வகை என்று பார்த்து, அந்த ஓர் அமைப்பை மட்டும் மாற்றி இன்னொன்று அச்சிடுங்கள்.

வெளியே வரும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியவிடாமல் மேசையில் பரப்பி வையுங்கள். உறையிலோ சட்டத்திலோ போடும் முன் ஒரு நாள் காயட்டும். சாய மை நேர் வெயிலில் சில மாதங்களில் வெளிறத் தொடங்கும். ஆகவே வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதாக இருந்தால் சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து, வெயில் படாத சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

செல்பேசியிலிருந்தே அச்சிடுபவர்களுக்கும் இதே முறைதான். பிரிண்டரின் செயலியில் சொற்கள் சற்று மாறலாம். தாள் அளவு, தாள் வகை, ஓரமில்லா அச்சு என்ற மூன்றும் எங்கேனும் இருக்கும். படத்தை முன்பே 3க்கு 2 ஆக வெட்டிக்கொண்டு போனால் செயலி தானாக வெட்ட அதில் எதுவும் மிச்சமிருக்காது.

உங்கள் பள்ளியில் வெள்ளை ஓரத்தோடு வந்த படங்கள் இருந்தால் இடைவேளையில் கொண்டு வாருங்கள். எந்த வகை வெள்ளை என்று சேர்ந்து பார்ப்போம்.